ஒரு பாலக் பருப்பை முன்வைத்து: பிளாஞ்சிங், டெம்பரிங், தட்கா

அக்கா மகன் மதுரையில் சிம்மக்கல் பக்கம் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறான். கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு மாதமாகச் சொந்தச் சமையல். போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு போன். “சித்தி, பருப்பு கசக்குது. அதுல போட்டிருந்ததை எல்லாம் அப்படியேதான் செஞ்சேன்.” எதில் போட்டிருந்தது என்று கேட்டால், ஆங்கிலத்தில் இருந்த பாலக் பருப்புச் செய்முறை ஒன்றை அனுப்பி வைத்தான்.

படித்துப் பார்த்தேன். செய்முறையில் தப்பே இல்லை. ஆனால் புதிதாகச் சமைக்கிறவர்களுக்கு அது பாதியைத்தான் சொல்கிறது. கீரையை பிளாஞ்ச் செய்யவும் என்று ஒரு வரி. வெங்காயம், தக்காளியோடு டெம்பர் செய்து பருப்பைச் சேர்க்கவும் என்று ஒரு வரி. கடைசியில் நெய், சீரகம், பூண்டு, வரமிளகாய், மிளகாய்த்தூள் சேர்த்து தட்கா ஊற்றவும் என்று ஒரு வரி. இந்த மூன்று சொற்களுக்குள்ளும் எது முதலில், எது அப்புறம், எப்போது நிறுத்துவது என்று ஒரு பெரிய வரிசையே இருக்கிறது. அது தெரிந்தவர்களுக்கு ஒரு சொல் போதும். தெரியாதவர்கள் மற்ற நான்கு பொருளையும் ஒரே நேரத்தில் கொதிக்கிற நெய்யில் கொட்டுவார்கள். அவனும் அதைத்தான் செய்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்தில் இருந்து பஸ் ஏறிப் போய், அதே பருப்பை அவனோடு நின்று செய்தேன். அதை வைத்தே இந்த மூன்று சொற்களையும் சொல்கிறேன்.

முதலில் கீரை. அண்ணா நகர் உழவர் சந்தையில் ஒரு கட்டு பாலக் வாங்கிக்கொண்டோம், ஆய்ந்த பிறகு இலை கால் கிலோ இருக்கும். (1999-ல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையாகத் தொடங்கியது இதுதான்.) முதல் தடவை அவன் கீரையை எப்படிச் செய்தான் என்று கேட்டேன். கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, தட்டு போட்டு மூடி, பத்து நிமிடம் வேகவைத்தானாம். கீரை காக்கி கலந்த பச்சைக்குப் போய்விட்டது என்றான். போகத்தான் செய்யும், ஏனென்றால் அவன் செய்தது பிளாஞ்சிங் இல்லை, வேகவைத்தல்.

பிளாஞ்சிங் என்பது கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்து, உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுவது, அவ்வளவுதான். வெளுக்க வைப்பது என்ற பொருளில் பிரெஞ்சில் இருந்து வந்த சொல் அது. பாதாம் பருப்பைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துப் பிதுக்கினால், பழுப்புத் தோல் கழன்று வெள்ளைப் பருப்பு வெளியே வரும், அதை நினைத்துக்கொண்டால் சொல் மறக்காது. தக்காளியின் அடியில் கத்தியால் கூட்டல் குறி போலக் கீறி அரை நிமிடம் முக்கி எடுத்துத் தோலுரிக்கிறோமே, அதுவும் இதேதான்.

கீரைக்கு இதை ஏன் செய்கிறார்கள்? இலையின் பச்சை நிறம் நீண்ட சூட்டையும் புளிப்பையும் தாங்காது. கீரை வேகும்போது அதிலிருந்தே கொஞ்சம் அமிலம் வெளியே வரும். தட்டு போட்டு மூடினால் ஆவியாகிப் போக வேண்டியதும் திரும்ப உள்ளேயே சொட்டும், பச்சை பழுப்படிக்கத் தொடங்கும். “கீரையை மூடி வேகவைக்காதே” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் இருக்கிற காரணம் இதுதான். பிளாஞ்ச் செய்யும்போது தண்ணீர் நிறைய, நேரம் கொஞ்சம், பாத்திரம் திறந்தே இருக்கும். அதனால் நிறம் மங்குவதற்கு முன்னாலேயே கீரையை வெளியே எடுத்துவிடுகிறோம்.

கால் கிலோ இலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வைத்தோம். அவனுக்கு அது வீணாகத் தெரிந்தது. ஆனால் அரை லிட்டரில் அவ்வளவு கீரையைப் போட்டால் கொதி அடங்கிவிடும், மறுபடி கொதி வர மூன்று நான்கு நிமிடம் ஆகும், அதற்குள் கீரை வெந்தே போகும். தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதிக்கும்போது ஒரு தேக்கரண்டி உப்பைப் போட்டு, இலையை மொத்தமாக உள்ளே தள்ளிக் கரண்டியால் அமுக்கிவிட்டோம். இலை உடனே துவண்டு, சில நொடியில் முன்பைவிடப் பளிச்சென்று பச்சையாகும். இலைக்குள் இருக்கிற காற்று வெளியேறுவதால் வருகிற நிறம் அது. அந்தப் பச்சை வந்ததும் எடுத்துவிட வேண்டும். பாலக்குக்கு அரை நிமிடத்தில் இருந்து ஒரு நிமிடம் போதும், கடிகாரத்தைவிட நிறத்தைப் பார்ப்பது நல்லது.

அடுத்தது குளிர்ந்த தண்ணீர். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வெளியே எடுத்தாலும் கீரைக்குள் இருக்கிற சூடு அதை வேகவைத்துக்கொண்டே இருக்கும், வடிதட்டில் குவித்து வைத்தால் இன்னும் மோசம். குழாயைத் திறந்துவிட்டால் போதாதா என்றான். மார்கழி, தையில் வேண்டுமானால் போதும். மதுரைச் சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தொட்டியில் இருந்து வருகிற தண்ணீரில் கையே வைக்க முடியாது, அதில் கீரை எப்படி ஆறும்? மண்பானைத் தண்ணீர் இருந்தால் அது நல்லது. அவனிடம் பானை இல்லை, அதனால் பிரிட்ஜில் வைத்திருந்த இரண்டு பாட்டில் தண்ணீரைக் குண்டாவில் ஊற்றி, ஒரு தட்டு ஐஸ் கட்டியும் போட்டுக்கொண்டோம். கீரை கைக்குச் சில்லென்று ஆனதும் எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பிழிந்து, தண்ணீர் விடாமல் மிக்சியில் ஒரு சுற்று விட்டோம். பிழியாவிட்டால் பருப்பு நீர்த்துப் போகும்.

இங்கே என் கருத்து ஒன்று. கீரையை அரைத்துச் சேர்க்கிறீர்கள் என்றால் பிளாஞ்ச் செய்யுங்கள். நறுக்கிப் போடுவதாக இருந்தால் வேண்டாம், பருப்பு கொதிக்கும்போது கடைசி மூன்று நிமிடத்தில் நேராகப் போட்டால் அதுவே வெந்துவிடும். நம் அரைக்கீரை, சிறுகீரை மசியலுக்கும் இது தேவையில்லை. கொதிநீரில் முக்கி அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றும்போது கீரையின் சத்தில் ஒரு பகுதியும் சேர்ந்து போகிறது, மசியலில் அது சட்டியிலேயே இருக்கும். பாலக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. அதில் ஆக்சாலிக் அமிலம் அதிகம், சாப்பிட்டால் பல் கூசுகிற மாதிரி இருக்குமே, அது இதனால்தான். முக்கி எடுத்த தண்ணீரோடு அதுவும் கொஞ்சம் போய்விடும்.

சரி, இப்போது டெம்பரிங்குக்கு வருவோம். இந்தியச் சமையல் செய்முறையில் டெம்பரிங் என்று போட்டிருந்தால் அது நம் தாளிப்பு. தட்கா என்றாலும் தாளிப்புதான், இந்திச் சொல். தெலுங்குச் செய்முறையில் போப்பு அல்லது தாளிம்பு என்றும், கன்னடத்தில் ஒக்கரணை என்றும் பார்ப்பீர்கள். எல்லாம் ஒரே வேலை: எண்ணெயோ நெய்யோ காய வைத்து, அதில் கடுகு, சீரகம், மிளகாய் மாதிரிப் பொருட்களைப் பொரித்து, அந்த மணத்தை எண்ணெயில் இறக்கி, பதார்த்தத்தோடு சேர்ப்பது.

ஒரே ஒரு எச்சரிக்கை. கேக், சாக்லேட் செய்முறைகளில் வருகிற டெம்பரிங் முற்றிலும் வேறு. சாக்லேட்டில் அது உருக்கி, ஆற வைத்து, மறுபடி லேசாகச் சூடேற்றிப் பளபளப்பு வரவைக்கிற வேலை. கஸ்டர்டில் அது அடித்த முட்டையில் சூடான பாலைக் கரண்டி கரண்டியாக விட்டு, முட்டை திரியாமல் சேர்ப்பது. அங்கே கடுகைத் தேடாதீர்கள்.

எண்ணெயில் ஏன் பொரிக்க வேண்டும், சீரகத்தை அப்படியே பருப்பில் போட்டால் என்ன என்று கேட்டான். நல்ல கேள்வி. தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரிக்கு மேல் போகாது. எண்ணெய் 170, 180 வரை எளிதாகப் போகும். சீரகம் சிவந்து வறுபட்ட வாசம் வருவதற்கு அந்தச் சூடு வேண்டும். இன்னொன்று, மசாலாப் பொருட்களின் மணம் பெரும்பாலும் எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் சரியாகக் கரையாது. மிளகாயின் சிவப்பும் அப்படித்தான். ஒரு கரண்டி எண்ணெயில் இறங்கிய மணம் ஒரு சட்டிப் பருப்பு முழுக்கப் பரவும். பருப்பில் நேராகப் போட்ட சீரகம் கடிபடுகிற இடத்தில் மட்டும்தான் தெரியும்.

அப்புறம் செய்முறையில் டெம்பர், தட்கா என்று இரண்டும் ஏன் தனித்தனியாக வந்தது? இரண்டும் ஒன்றுதான் என்றால் இரண்டு தடவை எதற்கு? அவன் குழம்பியது இங்கேதான். முதல் தாளிப்பு அடித்தளத்துக்கு. எண்ணெயில் சீரகம் பொரிந்து, வெங்காயம் வதங்கி, தக்காளி கரைந்து, அதில் பருப்பு கொதிக்கும்போது அந்தச் சுவை உள்ளே இறங்கிவிடும். ஆனால் கொதிக்கக் கொதிக்க மணம் ஆவியோடு போய்க்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் அடுப்பை அணைத்த பிறகு மேலே இன்னொரு சின்னத் தாளிப்பு. நம் வீட்டிலும் இந்த இரண்டு வகையும் இருக்கிறது, நாம்தான் பெயர் வைத்துப் பிரிப்பதில்லை. பொரியல், உப்புமா, காரக்குழம்புக்கு முதலிலேயே தாளிக்கிறோம். ரசத்துக்கும் சட்னிக்கும் பெரும்பாலும் கடைசியில் தாளித்துக் கொட்டுகிறோம். அதனால் ஒரு செய்முறையில் டெம்பரிங் என்று பார்த்தால் முதலில் தேட வேண்டியது, இது ஆரம்பத்திலா, கடைசியிலா என்பதைத்தான்.

இப்போது கசப்புக்கு வருகிறேன். ஒரு சட்டிப் பருப்பைக் கெடுக்க அரை நிமிடம் போதும், அந்த அரை நிமிடம் தாளிப்புக் கரண்டியில்தான் நடக்கிறது. அவன் இரண்டு கரண்டி நெய்யைப் புகை வரும்வரை காய வைத்திருக்கிறான். அதில் சீரகம், பொடிப்பொடியாக நறுக்கிய பூண்டு, வரமிளகாய், மிளகாய்த்தூள் நான்கையும் ஒன்றாகப் போட்டிருக்கிறான். நெடி ஏறி இருமல் வந்ததாம், தூள் கறுத்ததாம், ஆனாலும் செய்முறையில் ஊற்றச் சொல்லியிருக்கிறது என்று ஊற்றிவிட்டான். மிளகாய்த்தூள் மாவு மாதிரி இருப்பதால் புகைகிற நெய்யில் நான்கைந்து நொடியில் கருகும். பொடியாக நறுக்கிய பூண்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். கசந்தது இந்த இரண்டும்.

ஒவ்வொரு பொருளும் பொரிய வேறு வேறு நேரம் எடுத்துக்கொள்ளும், தாளிப்பின் வரிசை முழுக்க இதை வைத்துத்தான். அதிக நேரம் பிடிப்பது முதலில், சீக்கிரம் கருகுவது கடைசியில். ஞாயிற்றுக்கிழமை செய்தது இப்படி. நெய் இரண்டு மேசைக்கரண்டி, அடுப்பு நடுத்தரச் சூட்டில். நெய் உருகி லேசாக அலையடித்ததும் ஒரே ஒரு சீரகத்தை மட்டும் போடச் சொன்னேன். அடியில் சும்மா கிடந்தது. இன்னும் காயவில்லை என்று பொருள். கால் நிமிடம் கழித்து இன்னொன்று போட்டான், சுற்றிலும் நுரை கட்டிக்கொண்டு மேலே வந்து சுழன்றது. இதுதான் பதம். முதலில் வட்டமாக நறுக்கிய ஆறு பல் பூண்டு, அடுப்பைச் சின்னதாக்கி. பூண்டின் ஓரம் வெளிர் பொன்னிறம் ஆனதும் ஒரு தேக்கரண்டி சீரகம். சீரகம் சடசடத்து ஒரு சாயல் சிவந்ததும் கிள்ளிய வரமிளகாய் இரண்டு. மிளகாய் உப்பிப் பளபளத்த உடனே அடுப்பை அணைத்தோம். ஒரு சிட்டிகை பெருங்காயத்தூள் போட்டு, பத்து வரை எண்ணிவிட்டு அப்புறம்தான் அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள். நெய் சிவப்பாக மாறியதே தவிரக் கறுக்கவில்லை.

பூண்டைச் சீரகத்துக்கு முன்னால் போட்டது ஏன் என்று சிலர் கேட்பார்கள். பூண்டை வட்டமாக, கொஞ்சம் தடிமனாக நறுக்கினால் அதில் ஈரம் இருப்பதால் சிவக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும், சீரகம் அரை நிமிடத்தில் ஆகிவிடும். பொடியாக நறுக்கினால் வரிசையை மாற்றிச் சீரகத்தை முதலில் போடுங்கள்.

தாளித்த பொருள் அடுப்பை அணைத்ததும் நின்றுவிடாது. இரும்புக் கரண்டி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எண்ணெயும் சூடாகவே இருக்கும், பூண்டு இன்னும் சிவந்துகொண்டே போகும். அதனால் உங்களுக்கு வேண்டிய நிறத்துக்கு ஒரு சாயல் முன்னாலேயே நிறுத்த வேண்டும். இது கைக்குப் பழக நான்கைந்து தடவை ஆகும்.

பருப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முக்கால் டம்ளர் துவரம் பருப்பு, இரண்டரை டம்ளர் தண்ணீர், கொஞ்சம் மஞ்சள்தூள், குக்கரில் நான்கு விசில். வெந்ததை மசித்து, வெங்காயம் தக்காளித் தாளிப்பில் ஊற்றி உப்புப் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விட்டு, அரைத்த கீரையைக் கடைசியில் சேர்த்து ஒரு கொதி. தக்காளியின் புளிப்பில் கீரையை ரொம்ப நேரம் விட்டால் பிளாஞ்ச் செய்து காப்பாற்றிய பச்சையும் போய்விடும். அடுப்பை அணைத்துத் தட்காவை ஊற்றும்போது சுர்ரென்று சத்தம் வரவேண்டும், சத்தமே வரவில்லை என்றால் நெய் ஆறிவிட்டது. ஊற்றியதும் தட்டு போட்டு இரண்டு நிமிடம் மூடிவைத்தோம், மணம் உள்ளேயே தங்கும். காலிக் கரண்டியில் ஒரு கரண்டிப் பருப்பை விட்டுக் கலக்கித் திரும்பவும் சட்டியில் ஊற்றினால், ஒட்டியிருக்கிற நெய்யும் வீணாகாது. ரசத்துக்கு அம்மா செய்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பாலக் பருப்பில் கடுகு இல்லை. ஆனால் நம் ஊர்ச் சமையலில் தாளிப்பு என்றாலே கடுகுதான், அதையும் சொல்லாமல் விட முடியாது. கடுகுக்குள் இருக்கிற ஈரம் சூட்டில் ஆவியாகி, தோலை உடைத்துக்கொண்டு வெளியே வருவதைத்தான் வெடிக்கிறது என்கிறோம். வெடிக்காத கடுகு பச்சையாகக் காறும், எண்ணெயில் ரொம்ப நேரம் விட்டது கசக்கும். எண்ணெய் காயாமல் போட்டால் வெடிக்காமலே ஊறிக் கிடக்கும். புகைய விட்டுப் போட்டால் நாலா பக்கமும் தெறித்து, கூடவே கருகும். பாதிக்கு மேல் வெடித்து சத்தம் குறையத் தொடங்கும்போது உளுத்தம்பருப்பு. முன்னாலேயே போட்டால் கடுகு வெடிப்பதற்குள் உளுந்து கருகிவிடும். உளுந்து பொன்னிறமாகும்போது வரமிளகாய், கடைசியில் கறிவேப்பிலை. இலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும், கழுவி ஒரு துணியில் ஒற்றிவிட்டுப் போடுங்கள். பெருங்காயத்தில் ஒரு வேறுபாடு உண்டு. கட்டிப் பெருங்காயம் என்றால் எண்ணெய் காய்ந்ததும் முதலிலேயே போட்டுப் பொரிய விடலாம், தூள் என்றால் கடைசியில்தான்.

கருகிவிட்டால் என்ன செய்வது? ஊற்றாதீர்கள். கரண்டியைத் துடைத்துவிட்டு மறுபடி தாளியுங்கள். போவது இரண்டு கரண்டி நெய், ஊற்றினால் போவது ஒரு சட்டிப் பருப்பு. கருகிய தூளும் பூண்டும் கலந்த பிறகு எதைப் போட்டாலும் கசப்பு மறையாது. புளிப்போ வெல்லமோ சேர்த்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால், நான் செய்து பார்த்திருக்கிறேன், கசப்பு அப்படியே நிற்கும், கூடவே இன்னொரு சுவையும் வந்து சேரும்.

அன்று பருப்பு கொஞ்சம் மிச்சமானது. மறுநாள் காலையில் சூடு பண்ணினேன், மணமே இல்லை சித்தி என்று செய்தி அனுப்பினான். ராத்திரி முழுக்க இருந்து மறுபடி சூடேறினால் அப்படித்தான் ஆகும். ஒரு தேக்கரண்டி நெய்யில் அரைத் தேக்கரண்டி சீரகமும் ஒரு மிளகாயும் மட்டும் தாளித்துக் கொட்டு என்றேன். பத்து நிமிடம் கழித்துப் படம் அனுப்பினான், பருப்பின் மேலே சிவந்த சீரகம், கறுக்காத மிளகாய்.